சிப்செட் முதலா, கிராபிக்ஸ் முதலா? புது விண்டோஸில் டிரைவர் போடும் வரிசை

கேள்வி: "அண்ணா, நான் ஓசூர். ரைசன் 5 5600, பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம். புதுசா 500 ஜிபி என்விஎம்இ வாங்கியிருக்கேன், அதுல விண்டோஸ் 11 கிளீனா போடணும். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் இருக்கு. சிப்செட், கிராபிக்ஸ், விசி பிளஸ் பிளஸ், டைரக்ட்எக்ஸ் எல்லாம் எந்த வரிசையில போடணும்? வரிசை மாறினா கேம்ல எஃப்பிஎஸ் குறையும்னு சொல்றாங்க, உண்மையா?"

குறையாது. வரிசை மாறியதால் மட்டும் எஃப்பிஎஸ் குறைந்த மெஷினை நான் பார்த்ததில்லை, குறைய வேண்டிய காரணமும் இன்றைய விண்டோஸில் இல்லை. ஆனாலும் நான் ஒரு வரிசையில்தான் போடுவேன்: சிப்செட், ரீஸ்டார்ட், கிராபிக்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் விண்டோஸ் அப்டேட். விசி பிளஸ் பிளஸ், டைரக்ட்எக்ஸ் மாதிரி ரன்டைம்கள் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். தர்மபுரியில் மெஷின் அசெம்பிளும் சர்வீஸும் பண்ணுகிறவன் நான், செட்டிக்கரை காலேஜ் பசங்களின் கேமிங் மெஷின்கள் நிறைய கைக்கு வரும். "வரிசை தப்பாப் போச்சு" என்று கொண்டுவரும் மெஷின்களில் பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். நாம் ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் தன் பாட்டுக்குப் பின்னால் இன்னொன்றைப் போட்டிருக்கும், இல்லையென்றால் பயாஸில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். அதனால் வரிசையைப் பற்றிச் சொல்வதோடு இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒரு காலத்தில் அது முழு உண்மை. விண்டோஸ் 98 காலத்தில் கிராபிக்ஸ் கார்டு ஏஜிபி ஸ்லாட்டில் உட்காரும். கார்டு மெஷினின் ரேமை நேரடியாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்கான ஜிஏஆர்டி டிரைவர் வேண்டும், அது மதர்போர்டின் சிப்செட் டிரைவரோடுதான் வரும். வியா சிப்செட் போர்டுகளுக்கு ஃபோர் இன் ஒன் என்று ஒரு தொகுப்பு இருந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைப் போடாமல் கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டால் ஏஜிபி ஒழுங்காக வேலை செய்யாது, கேம் தொங்கும். இப்போது நிலைமை அப்படியில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸுக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, சிப்செட் தொகுப்பு போடாவிட்டாலும் உங்கள் 3060 முழு வேகத்தில் ஓடும். இன்டெல் போர்டுகளில் சிப்செட் தொகுப்பு என்பது பெரும்பாலும் ஐஎன்எஃப் கோப்புகள்தான், அதாவது "இந்தச் சாதனத்துக்கு இதுதான் பெயர்" என்று விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுப்பவை. ஏஎம்டியில் இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. ஜிபிஐஓ, எஸ்எம் பஸ், பாதுகாப்புச் சிப்புக்கான பிஎஸ்பி டிரைவர் எல்லாம் அந்த ஒரே தொகுப்பில் வரும். பிஎஸ்பி டிரைவர் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் `PCI Encryption/Decryption Controller` என்று மஞ்சள் குறியோடு ஒன்று நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து மதர்போர்டு போச்சு என்று வருகிறவர்கள் உண்டு, சிப்செட் தொகுப்பைப் போட்டதும் அது மறைந்துவிடும்.

அப்படியென்றால் ஏன் இன்னும் சிப்செட்டை முதலில் போடச் சொல்கிறேன்? அது சின்னத் தொகுப்பு, சீக்கிரம் முடியும், முடிந்ததும் பெரும்பாலும் ரீஸ்டார்ட் கேட்கும், போர்டில் இருக்கும் சாதனங்கள் எல்லாம் ஒருமுறை அடையாளம் காணப்பட்டு நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் கிராபிக்ஸ் போடும்போது திரை கறுத்துப் போனால், கோளாறு கிராபிக்ஸில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். எது எப்போது கெட்டது என்று கண்டுபிடிக்க வசதியாக இருக்கும், அவ்வளவுதான் இந்த வரிசையின் பலன்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். விண்டோஸ் போடுவதற்கு முன்னாலேயே பயாஸ் அப்டேட்டை முடித்துவிடுங்கள். பி450 கொஞ்சம் வயதான போர்டு. சில ரைசன் மெஷின்களில் எஃப்டிபிஎம், அதாவது ப்ராசசரோடு வரும் டிபிஎம் பாதுகாப்பு வசதி, இயக்கியிருந்தால் அவ்வப்போது மெஷின் ஓரிரு நொடி திக்கும், சத்தமும் சேர்ந்து உடைந்து கேட்கும். இதை ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, 2022-இல் வந்த, ஏஜெசா என்ற தன் அடிப்படை நிரலின் 1.2.0.7 பதிப்பு கொண்ட பயாஸ்களில் சரிசெய்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் வேண்டும் என்பதால் நீங்கள் எஃப்டிபிஎம்மை இயக்கித்தான் ஆக வேண்டும், ஆகவே அதற்கு முந்தைய பயாஸில் இருந்தால் ஏற்றிவிடுங்கள். உங்கள் போர்டு கம்பெனியின் பக்கத்தில் ஒவ்வொரு பயாஸுக்கும் எதிரே பெரும்பாலும் ஏஜெசா எண் போட்டிருப்பார்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், நம் பக்கம் கரன்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும், பாதியில் போனால் போர்டு செங்கல்தான். விண்டோஸுக்கு முன்னாலேயே ஏன் என்றால், புதிய விண்டோஸ் 11 பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் பண்ணிக்கொள்கின்றன. அதற்கப்புறம் பயாஸ் ஏற்றினால் எஃப்டிபிஎம்மில் இருந்த சாவி அழிந்து, நீல நிறத் திரையில் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

பயாஸ் ஏற்றியதும் எல்லா அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். மறுபடி உள்ளே போய், பழைய லெகசி முறையில் பூட் ஆவதற்கான சிஎஸ்எம்மை அணையுங்கள், எஃப்டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்குங்கள், ரேம் வாங்கிய வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி போடுங்கள், `Above 4G Decoding`, `Re-Size BAR` இரண்டையும் இயக்குங்கள். `Re-Size BAR` சிஎஸ்எம் அணைந்திருந்தால்தான் வேலை செய்யும். இதையும் இப்போதே செய்வதற்குக் காரணம் உண்டு. சில கடைகளில் "எந்த மெஷினிலும் ஓடும்" என்று கொடுக்கும் பென்டிரைவால் பழைய லெகசி முறையில், எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் ஏறிவிடும். அப்புறம் ஒரு நாள் யாரோ சொன்னார்கள் என்று சிஎஸ்எம்மை அணைத்தால் மெஷின் பூட்டே ஆகாது. `mbr2gpt` கட்டளையால் மாற்றலாம்தான், ஆனால் புதிதாகப் போடும்போதே சரியாகப் போட்டுவிட்டால் அந்தத் தலைவலி எதற்கு? அப்படியே, "கேமிங் எடிஷன் விண்டோஸ்" என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி ஒன்றை வெளியிடுவதில்லை. யாரோ வெட்டிக் குறைத்த விண்டோஸ் அது, என்னென்ன எடுத்தார்கள், என்ன சேர்த்தார்கள் என்று கொடுத்தவருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், ஒரு 8 ஜிபி பென்டிரைவ், இவை போதும். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பென்டிரைவ் தயாரானதும் அதிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு மூன்று கோப்புகளை இறக்கி வையுங்கள். ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட், என்விடியா தளத்திலிருந்து 3060-க்கான டிரைவர், உங்கள் போர்டு கம்பெனியின் பக்கத்திலிருந்து லேன் டிரைவர். என்விடியா கோப்பு பெரியது, பென்னாகரம் பக்கம் மாதிரி சிக்னல் ஊசலாடும் இடமாக இருந்தால் முந்தின நாளே இறக்கிவிடுவது நல்லது. லேனோ வைஃபையோ புது விண்டோஸில் எழவில்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள், அதற்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

இன்ஸ்டால் தொடங்கும் முன் அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். சோம்பேறித்தனம் வேண்டாம். அந்த டிஸ்க்கில் பழைய விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், புது விண்டோஸின் பூட் கோப்புகள் அங்கே போய் உட்காரும் வாய்ப்பு அதிகம். விண்டோஸ் என்விஎம்இயில், அதைத் தொடங்கி வைக்கும் கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் என்று ஆகிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஹார்ட் டிஸ்க் கெடும்போதோ, வேறு மெஷினுக்குக் கழற்றும்போதோதான் புது எஸ்எஸ்டியும் சேர்ந்து செத்த மாதிரி நிற்கும். கேபிள் இல்லாமல் போட்டால் இந்தப் பேச்சே கிடையாது. பார்ட்டிஷன் திரையில் என்விஎம்இ மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள், அதில் ஏதாவது பார்ட்டிஷன் இருந்தால் எல்லாவற்றையும் நீக்கி வெறும் `Unallocated` என்று ஆக்கி, அதைத் தேர்ந்தெடுத்து `Next` கொடுங்கள். சி, டி, ஈ என்று நீங்களாகப் பிரிக்க வேண்டாம். டிரைவர் வேலையெல்லாம் முடிந்த பிறகு மெஷினை அணைத்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்து இன்டர்நெட். என்னைக் கேட்டால் வரிசையை விட இது முக்கியம். புது விண்டோஸுக்கு நெட் கிடைத்த மறுநிமிடம் அது உங்கள் கார்டுக்கு டிரைவர் தேட ஆரம்பித்துவிடும். தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சில மாதங்கள் பழைய பதிப்பு. அது கெட்டது இல்லை, வேலை செய்யும். நீங்களும் அதே நேரத்தில் வேறு பதிப்பைப் போட உட்கார்ந்தால்தான் பிரச்சினை. ஆகவே லேன் கேபிளைக் கழற்றி வைத்துக்கொண்டே இன்ஸ்டால் பண்ணப் பாருங்கள். விண்டோஸ் 11 பாதி வழியில் நெட் இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைத் தாண்டப் பல குறுக்கு வழிகள் சுற்றுகின்றன, மைக்ரோசாஃப்ட் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது, அதனால் அவற்றை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன். நெட் கொடுங்கள், கணக்கில் நுழையுங்கள், டெஸ்க்டாப் வந்த உடனே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய் `Pause for 1 week` கொடுத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் `Display adapters` விரித்துப் பாருங்கள். `Microsoft Basic Display Adapter` என்று இருந்தால் விண்டோஸ் இன்னும் கை வைக்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 என்று பெயரோடு வந்துவிட்டது என்றால் கை வைத்துவிட்டது. அப்போதும் பதற வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட் முடியட்டும், ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

கை கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மெஷின் சொல்கிறேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தான், கிட்டத்தட்ட உங்களுடைய அதே அமைப்பு. போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் ஓடிக்கொண்டிருக்க, என்விடியா டிரைவரைப் போட்டிருக்கிறான். பாதியில் திரை கறுத்து, திரும்பி வந்தபோது "இன்ஸ்டாலர் தோற்றுவிட்டது" என்று செய்தி. ரீஸ்டார்ட் பண்ணினால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, குறைந்த ரெசல்யூஷன். மறுபடி போட்டால் மறுபடி அதே தோல்வி. சிப்செட்டை முதலில் போடாததால்தான் இப்படி என்று யாரோ சொல்ல, மொத்த விண்டோஸையும் திரும்ப ஏற்றியிருக்கிறான், அதே ஹாட்ஸ்பாட்டோடு. மறுபடி அதே கதைதான். நாங்கள் பார்த்தது விண்டோஸ் அப்டேட்டில் `Update history`, அதற்குள் `Driver updates`. அங்கே என்விடியா டிஸ்ப்ளே டிரைவர் ஒன்று அதே நாளில் ஏறியதாகப் பதிவு இருந்தது. `C:\Windows\INF` ஃபோல்டரில் `setupapi.dev.log` என்று ஒரு கோப்பு இருக்கும், எந்த டிரைவர் எந்த நொடியில் ஏற முயன்றது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். அதில் இரண்டு இன்ஸ்டாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது தெளிவாகத் தெரிந்தது. நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் துடைக்கும் மென்பொருளை ஓட்டி இரண்டு பதிப்பையும் துடைத்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, நெட் இல்லாமலே டிரைவரைப் போட்டோம். ஒரே முறையில் ஏறியது. டிடியூவின் வேலை இந்த மாதிரி கலப்படமான மெஷினில்தான், நீங்கள் சுத்தமாகப் போடும் விண்டோஸில் துடைக்க ஒன்றுமே இருக்காது.

சரி, இப்போது போடும் வேலை. சிப்செட் தொகுப்பை ஓட்டுங்கள், அது தேர்ந்தெடுத்துக் காட்டுவதை அப்படியே விட்டுவிடுங்கள், ரீஸ்டார்ட். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகள் குறைந்திருக்கும். அடுத்து என்விடியா. `Custom` தேர்ந்தெடுத்து, விண்டோஸ் ஏற்கெனவே ஒன்றைப் போட்டிருந்தால் மட்டும் `Perform a clean installation` குறியிடுங்கள். நடுவில் திரை ஓரிரு முறை அணைந்து எரியும், சில நொடி கறுப்பாகவே நிற்கும், அது வழக்கம்தான். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்துவதுதான் தப்பு. முடிந்ததும் ரீஸ்டார்ட். உண்மையிலேயே நீங்கள் போட்ட பதிப்புதானா என்று தெரிந்துகொள்ள டிவைஸ் மேனேஜரில் கார்டின் `Driver` பகுதியைப் பாருங்கள். அங்கே 32.0.15.6094 என்கிற மாதிரி நீளமான எண் இருக்கும். புள்ளியை விட்டுவிட்டுக் கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்தால் 56094, அதாவது என்விடியா சொல்லும் 560.94. நீங்கள் இறக்கிய கோப்பின் எண்ணோடு இது ஒத்துப்போக வேண்டும். இரண்டு மாதம் கழித்து கேம் திடீரென்று மக்கர் பண்ணினாலும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள், விண்டோஸ் மாற்றியிருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும், விண்டோஸ் டிரைவரை மாற்றிவிட்டால் அட்ரினலின் மென்பொருளே திறக்க மறுத்து, விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றியிருக்கலாம் என்று அதுவே சொல்லும்.

இதற்கப்புறம் நெட்டை மாட்டி, அப்டேட்டின் இடைநிறுத்தத்தை எடுத்துவிட்டு, இருக்கும் எல்லா அப்டேட்டையும் ஏறவிடுங்கள். `Optional updates` பகுதியில் வரும் டிரைவர்களை மட்டும் தொடாதீர்கள். ஏதாவது ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்றால் ஒழிய அங்கே நமக்கு வேலை இல்லை.

ரன்டைம்களை ஏன் கடைசியில் தள்ளினேன் என்றால், அவை டிரைவர்களே அல்ல. கேம்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் டிஎல்எல் கோப்புகள், அவ்வளவுதான். கிராபிக்ஸுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஸ்டீம் மாதிரி இடத்திலிருந்து இறக்கும் கேம் முதல் முறை திறக்கும்போது தனக்கு வேண்டிய ரன்டைமைத் தானே போட்டுக்கொள்ளும். அதனால் முப்பது ரன்டைம் ஒன்றாகக் கட்டிய மூட்டையைத் தேடி இறக்க வேண்டாம். நான் புது மெஷினில் போடுவது விசி பிளஸ் பிளஸில் 2015-இலிருந்து இந்தப் பக்கம் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று. அதில் 64 பிட், 32 பிட் இரண்டும் வேண்டும். விண்டோஸ் 64 பிட்தானே என்று 32 பிட்டை விட்டுவிடுகிறார்கள், ஆனால் பழைய கேம்களும் சில லாஞ்சர்களும் இன்னும் 32 பிட்தான். டெர்மினலை அட்மினாகத் திறந்து இந்த இரண்டு வரியைக் கொடுங்கள், மைக்ரோசாஃப்டிடமிருந்தே இறங்கும்:

```
winget install Microsoft.VCRedist.2015+.x64
winget install Microsoft.VCRedist.2015+.x86
```

மற்றவற்றை, கேம் கேட்கும்போது போட்டால் போதும். என்ன கேட்கிறது என்பது பிழைச் செய்தியிலேயே இருக்கும். `VCRUNTIME140.dll` அல்லது `MSVCP140.dll` இல்லை என்றால் மேலே சொன்ன தொகுப்பு. `MSVCR120.dll` என்றால் 2013 பதிப்பு, `MSVCP110.dll` என்றால் 2012, `MSVCR100.dll` என்றால் 2010. ஒரு பதிப்புக்கு இன்னொன்று ஈடாகாது, புதியதைப் போட்டால் பழையதும் அடங்கிவிடும் என்பது 2015-க்கு இந்தப் பக்கம் மட்டும்தான் உண்மை. `0xc000007b` என்ற எண் வந்தால் பெரும்பாலும் 32 பிட் கோப்பும் 64 பிட் கோப்பும் இடம் மாறிக் கலந்திருக்கிறது. இது எப்படி வருகிறது தெரியுமா, "டிஎல்எல் டவுன்லோடு" தளங்களிலிருந்து ஒற்றைக் கோப்பை இறக்கி சிஸ்டம்32-இல் ஒட்டுவதால்தான் அதிகம் வருகிறது. அந்தத் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

டைரக்ட்எக்ஸில்தான் பலருக்குக் குழப்பம். டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, அதைத் தனியாகப் போட முடியாது, போடவும் வேண்டாம். ஜூன் 2010 என்று ஒரு பழைய தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கிறது, அது டைரக்ட்எக்ஸின் பதிப்பை மாற்றாது. பழைய கேம்கள் கேட்கும் `d3dx9_43.dll`, `xinput1_3.dll`, `XAudio2_7.dll` போன்ற துணைக் கோப்புகளை மட்டும் சேர்க்கும், இருப்பதை ஒன்றும் செய்யாது. நீங்கள் பத்து வருடத்துக்கு முந்தைய கேம்கள் ஆடுகிறவர் என்றால் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பை ஓட்டினால் அது ஒரு ஃபோல்டரில் விரியும், அவ்வளவுதான். பலர் அத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். விரிந்த ஃபோல்டருக்குள் போய் `DXSETUP.exe` ஓட்டினால்தான் ஏறும்.

எஃப்பிஎஸ் குறைகிறது என்ற உங்கள் பயத்துக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் போட்டு முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறங்கள். 3200 வேகத்துக்கு வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 அல்லது 2666 என்று காட்டினால் எக்ஸ்எம்பி ஏறவில்லை, ரைசனில் இது கேமில் தெளிவாகவே தெரியும். அதே இடத்தில் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்றும் காட்டும். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் ஒற்றைச் சேனலில் ஓடுகிறது, எட்டு எட்டாக இரண்டு போட்டிருந்தால் நல்லது. அடுத்து என்விடியா கன்ட்ரோல் பேனலில் `System Information` திறந்து `Resizable BAR` எதிரே `Yes` இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் `Advanced display`. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60-இல் ஓட்டிக்கொண்டு டிரைவரைத் திட்டுகிறவர்கள் நிறைய, புது விண்டோஸ் பல நேரம் 60-இல்தான் நிற்கும், நாம்தான் மாற்ற வேண்டும். மானிட்டர் கேபிள் கார்டில் மாட்டியிருக்கிறதா, போர்டில் மாட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும் உங்களுக்குத் தேவையில்லை, 5600-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் மாட்டினால் திரையே வராது.

இதுவரை சொன்னது உறுதியானது. விண்டோஸின் பாதுகாப்பு வசதியான மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கலாமா என்பது மட்டும் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாத இடம். புதிதாகப் போடும் விண்டோஸ் 11-இல் இது பெரும்பாலும் இயங்கிய நிலையிலேயே வரும், கேம் வேகத்தைக் கொஞ்சம் தின்னலாம் என்று மைக்ரோசாஃப்டே 2022-இல் சொல்லி, வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள் என்றது. எவ்வளவு தின்னும் என்பது கேமுக்குக் கேம், ப்ராசசருக்குப் ப்ராசசர் மாறும். அணைத்தால் பாதுகாப்பும் குறையும். என் பழக்கம், முதலில் அதை இயக்கத்திலேயே விட்டு ஆடச் சொல்வது, நீங்கள் ஆடும் குறிப்பிட்ட கேமில் பெரிய வித்தியாசம் கண்ணில் பட்டால் மட்டும் அணைப்பது. செக்யூர் பூட்டையும் டிபிஎம்மையும் அப்படி அணைத்துவிடாதீர்கள். வேலரன்ட் விண்டோஸ் 11-இல் அவை இரண்டும் இல்லாமல் திறக்காது, `VAN9001`, `VAN9003` என்று எண் காட்டி நின்றுவிடும்.

லேப்டாப் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மேலே சொன்ன வரிசை டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், அங்கே ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸின் டிரைவரை முதலில் போட்டு, அப்புறம் என்விடியாவைப் போடுவதுதான் பத்திரம். முதல் முறைக்கு லேப்டாப் கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடலுக்குக் கொடுத்திருக்கும் டிரைவர்களையே எடுங்கள். பதினோராம் தலைமுறையிலிருந்து வரும் சில இன்டெல் லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டியே தெரியாது. எஸ்எஸ்டி போகவில்லை, இன்டெலின் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து `Load driver` கொடுத்தால் தெரியும்.

எல்லாம் முடிந்தும் டிவைஸ் மேனேஜரில் ஏதாவது மஞ்சள் குறி மிஞ்சினால் கண்ட டிரைவர் அப்டேட்டர் மென்பொருளைப் போட வேண்டாம். அதை ரைட் கிளிக் பண்ணி `Properties`, `Details`, அதில் `Hardware Ids` பாருங்கள். `VEN_1022` என்று இருந்தால் ஏஎம்டி, சிப்செட்டைத் திரும்ப ஓட்டுங்கள். `VEN_10EC` ரியல்டெக், பெரும்பாலும் லேனோ வைஃபையோ, போர்டு கம்பெனியின் பக்கத்தில் கிடைக்கும். `VEN_10DE` என்விடியா. இந்த மூன்றிலும் சேராத எண் வந்தால் அந்த முழு வரியையும் போர்டு மாடலோடு சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.